பலகாரம், பல காரம் ஆன கதை

எங்கள் தெருமுனையில் ஒரு பலகாரக் கடை திறந்தார்கள். முகப்பில் அரக்கு நிற ஏசிபி ஷீட், அதன்மேல் பொன்னிறத்தில் வெட்டிப் பொருத்திய அக்ரிலிக் எழுத்துகள். ‘பலகாரம்’ என்ற ஒரே சொல்தான் கடையின் பெயரும் லோகோவும். திறப்பு விழாவுக்கு வந்த ஒரு சிறுமி அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். “பல... காரம். ஏம்ப்பா, இங்க இனிப்பே கிடைக்காதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எழுத்துகளை வரைந்து கொடுத்தவன் நான்.

போர்டில் ‘ல’வுக்கும் ‘கா’வுக்கும் நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. என் கணினியில் அப்படி இல்லை. அதை எண்ணிக்கொண்டே உள்ளே போனால், கல்லாவில் விசிட்டிங் கார்டு அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் நேர் எதிரான கோளாறு. ‘கார’ என்ற இடத்தில் துணைக்காலும் ‘ர’வும் நெருங்கி நின்று, நான்கு செங்குத்துக் கோடுகளும் கம்பி வேலி போல ஒன்றாகத் தெரிந்தன. ஒரே லோகோ, ஒரே கோப்பு. பெரிதாக்கியதில் ஓட்டை விழுந்திருந்தது, சிறிதாக்கியதில் அடைத்துக்கொண்டிருந்தது.

போர்டில் நடந்தது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஸ்கேல் சொல்வதும் கண் சொல்வதும்

லோகோ வரைபவர்கள் இரண்டு சொற்களை அடிக்கடி சொல்வார்கள். எல்லா எழுத்துகளுக்கும் நடுவில் ஒரே அளவாக இடத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டிராக்கிங். குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் மட்டும் இடத்தைச் சரிசெய்வது கெர்னிங். இந்தச் சொல் ஈய எழுத்துக் காலத்திலிருந்து வருகிறது. ஓர் எழுத்தின் வாலோ கொக்கியோ தன் ஈயக் கட்டையைத் தாண்டி, பக்கத்துக் கட்டையின் மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நீட்டலுக்குப் பெயர் கெர்ன். அச்சுக்கோப்பவர் இடத்தைக் கூட்ட நினைத்தால் எழுத்துகளுக்கு நடுவில் மெல்லிய தகடு செருகுவார். ஆங்கில அச்சகங்களில் ஒரு பாயிண்ட் கனத்துக்குப் பித்தளைத் தகடும் அரை பாயிண்டுக்குச் செம்புத் தகடும் வைத்திருந்தார்கள். ஒரு பாயிண்ட் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். இடத்தைக் குறைப்பதுதான் சிரமம். அதற்குக் கட்டையையே அரத்தால் ராவ வேண்டும்.

இப்போது ராவ வேண்டியதில்லை, சுட்டியால் நகர்த்தினால் போதும். ஆனால் எவ்வளவு நகர்த்துவது?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். ஸ்கேலை வைத்து, எல்லா எழுத்துகளுக்கும் நடுவில் ஒரே தூரத்தை விடுவார்கள். பார்த்தால் கோணலாகத் தெரியும். காரணம், கண் தூரத்தை அளப்பதில்லை, பரப்பை அளக்கிறது. இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருப்பதாகவும் அதில் அரிசி கொட்டுவதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். ‘ப’வும் இன்னொரு ‘ப’வும் பக்கத்தில் நின்றால், நடுவில் இருப்பது நேரான சந்து. ‘ல’வும் ‘ல’வும் நின்றால், வளைவுகள் விலகும் மேலும் கீழும் கூடுதல் அரிசி பிடிக்கும். இரண்டிலும் ஒரே அளவு அரிசி பிடிக்க வேண்டுமானால், வளைவான எழுத்துகளை இன்னும் நெருக்கி வைக்க வேண்டும். நேர்க்கோடும் நேர்க்கோடும் எதிரெதிரே நின்றால் தூரம் அதிகம், நேர்க்கோடும் வளைவும் நின்றால் அதைவிடக் குறைவு, வளைவும் வளைவும் நின்றால் இன்னும் குறைவு. இதுதான் அடிப்படை.

ஆங்கிலத்தில் இதற்குத் தொல்லை தரும் எழுத்து ‘எல்’. கீழே கால் நீட்டி, மேலே வெட்டவெளியாக நிற்கும். தமிழில் அதே வேலையைச் செய்வது ‘ட’. இடப்பக்கம் ஒரு தண்டு, அடியில் நீண்ட படுக்கைக் கோடு, மேலே வலப்பக்கம் முழுக்கக் காலி. ‘ட’வுக்கு அடுத்து எந்த எழுத்தை வைத்தாலும் நடுவில் ஒரு முற்றம் கிடக்கும்.

வாடாமல்லியை நிறுத்தி வைத்தல்

‘வாடாமல்லி’ என்று ஒரு பூக்கடைக்கு லோகோ செய்வதாக வைத்துக்கொள்வோம். இந்தச் சொல்லில் எல்லா வகைத் தொல்லையும் இருக்கிறது.

எழுத்துருவில் ஓர் எழுத்தை வரையும் சதுரத்தை 1000 சம பாகங்களாகப் பிரிப்பது வழக்கம். ஒரு பாகத்தை ஓர் அலகு என்போம். நம் எழுத்தில் ‘ப’வின் உயரம் 600 அலகு, கோட்டின் தடிமன் 100 அலகு, முழுச் சொல்லின் நீளம் சுமார் 5500 அலகு என்று கொள்வோம்.

முதல் வேலை, சொல்லை அவுட்லைனாக மாற்றிவிடுவது. அதாவது தட்டச்சு செய்த எழுத்தாக வைக்காமல் வெறும் வடிவங்களாக ஆக்கிவிட வேண்டும். தமிழில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் துணைக்காலும் கொம்பும் தனித்தனி எழுத்துகள். அதில் டிராக்கிங்கைக் கூட்டினால், ‘வா’வின் கால் ‘வ’வை விட்டு விலகி நடுவழியில் நிற்கும். யூனிகோடு எழுத்துருவில் ‘வா’ ஒரே தொகுதி. அங்கே கால் ஒட்டிக்கொண்டே இருக்கும், அடுத்த எழுத்து மட்டும் விலகிப் போகும். இரண்டும் நமக்குப் பயன்படாது. கையால் நகர்த்துவதே வழி.

இரண்டாவது, மோசமான ஓட்டை எது என்று தேடுவது. நம் சொல்லில் அது ‘டா’. ‘ட’வின் படுக்கைக் கோட்டைத் தாண்டி அடுத்து வரும் காலை உள்ளே தள்ள முடியாது. முடிந்தவரை நெருக்கி, கோட்டின் நுனிக்கும் காலுக்கும் நடுவில் 30 அலகு மட்டும் விடுகிறேன். அப்போதும் மேலே முற்றம் பெரிதாகத்தான் இருக்கிறது. லோகோ வரைபவருக்கு ஒரு சலுகை உண்டு, எழுத்தையே மாற்றிக்கொள்ளலாம். ‘ட’வின் படுக்கைக் கோட்டில் 60 அலகை வெட்டிவிடுகிறேன். வெட்டினாலும் ‘ட’ ‘ட’வாகவே இருக்கும். அதற்கு மேல் வெட்டினால் எழுத்து முடமாகத் தெரியும்.

இனி இந்த ஓட்டையைக் குறைக்க முடியாது. ஆகவே மற்ற இடங்கள் எல்லாம் இதற்கு ஈடுகொடுக்க வேண்டும். கெர்னிங்கில் பலரும் சறுக்குவது இங்கேதான். முதல் எழுத்திலிருந்து வரிசையாக அழகாக நெருக்கிக்கொண்டு வருவார்கள். கடைசியில் ‘டா’வில் மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். அடைக்க முடியாத ஓட்டையில் தொடங்கினால் அந்தச் சிக்கல் வராது.

‘வ’வின் வலப்பக்கம் நேர்க்கோடு, துணைக்காலின் இடப்பக்கமும் நேர்க்கோடு. இங்கே 105 அலகு. அந்தக் காலுக்கும் ‘ட’வின் தண்டுக்கும் நடுவில் 120. இரண்டாவது காலுக்கும் ‘ம’வுக்கும் நடுவிலும் 120. நேர்க்கோடுகள் ஒன்றையொன்று பார்க்கும் மூன்று இடங்களிலும் ஒரே எண்ணைப் போடாமல், ‘வா’வில் மட்டும் 15 அலகைக் குறைத்தது ஏன்? துணைக்கால் முந்தைய எழுத்துக்குச் சொந்தம். அது அடுத்த எழுத்தின் பக்கம் சாய்ந்தால், படிப்பவர் ஒரு நொடி அதை ‘ர’ என்று நினைத்துத் தடுமாறுவார். மிகச் சிறிய வித்தியாசம், ஆனால் கால் யார் வீட்டுப் பிள்ளை என்பதைக் கண்ணுக்குச் சொல்லிவிடும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, அதுவரை ஒரே வடிவமாகச் சுழித்து எழுதிய ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனிக் கால் வந்தது. தமிழ்ச் சொற்களில் கால்களின் கூட்டம் அதனால் இன்னும் பெருகியது.

‘ம’வின் வலப்பக்கம் உருண்டை, ‘ல’வின் இடப்பக்கமும் உருண்டை. அங்கே 70. ‘ல்’லுக்கும் ‘லி’க்கும் நடுவில் 60. கடைசி ஜோடியில் 10 அலகு குறைத்ததற்கும் காரணம் உண்டு. ‘ல்’லின் தலைமேல் புள்ளி நிற்கிறது, அதற்கு அந்தப் பக்கம் ‘லி’யின் கொக்கி வளைந்து இறங்குகிறது. புள்ளியின் இரு பக்கமும் காற்றோட்டமாக இருப்பதால், கீழே கொஞ்சம் நெருக்கினாலும் பொறுத்துக்கொள்ளும்.

இந்த எண்களை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தின் தடிமன் மாறினால் எல்லாம் மாறும். வரிசையைத்தான் கவனிக்க வேண்டும்: 30, 60, 70, 105, 120. ஸ்கேலில் அளந்தால் ஒன்றுக்கொன்று நான்கு மடங்கு வரை வேறுபடும் தூரங்கள், கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிகின்றன.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

சொந்தமாக வரைந்ததைச் சொந்தக் கண்ணால் சோதிப்பது கஷ்டம். சொல்லைப் பார்த்ததும் மனம் அதைப் படித்துவிடுகிறது, பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. அதனால் படிக்க முடியாதபடி செய்துவிட வேண்டும். நான் முதலில் சொல்லைத் தலைகீழாகத் திருப்புவேன். எழுத்துகள் வெறும் கறுப்பு உருவங்களாக மாறும், ஓட்டைகள் பளிச்சென்று தெரியும். அடுத்து, இரண்டு காகிதத் துண்டுகளால் மூடி, ஒரு நேரத்தில் மூன்று எழுத்துகள் மட்டும் தெரியும்படி வைப்பேன். நடு எழுத்து இரண்டு பக்கத்துக்கும் சமமாக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்துவிட்டு, ஓர் எழுத்து நகர்ந்து அடுத்த மூன்றைப் பார்ப்பேன்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது மங்கலாக்கிப் பார்ப்பது. படமாக மாற்றி, கோட்டின் தடிமன் அளவுக்கு மங்கலாக்கினால், நன்றாக அமைந்த சொல் ஒரே சீரான சாம்பல் பட்டையாகத் தெரியும். நெருக்கமான இடம் கறுத்துத் திட்டாகும், தளர்வான இடம் வெளுக்கும். மென்பொருள் இல்லாதவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் இதே பலன் கிடைக்கும். என் ‘பலகாரம்’ லோகோவைப் பிறகு இப்படிப் பார்த்தபோது, ‘கார’ இருந்த இடம் மை கொட்டியது போல இருந்தது. திரையில் பெரிதாக வைத்துப் பார்த்த எனக்கு அது முன்பே தெரியாமல் போயிருக்கிறது.

20 அலகு என்பது எவ்வளவு?

இப்போது அளவு விஷயத்துக்கு வருவோம். ஒரு முறை சரியாக அமைத்துவிட்டால், எந்த அளவிலும் அப்படியே இருக்கும் என்றுதான் தோன்றும். விகிதம் மாறவில்லையே! கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு.

வாடாமல்லி போர்டில் ‘ப’ அளவு எழுத்தின் உயரம் ஓர் அடி என்றால், சொல்லின் நீளம் ஒன்பது அடிக்குச் சற்று மேல். அங்கே 20 அலகு என்பது 10 மில்லிமீட்டர், கைவிரல் நுழையும். அதே லோகோ கடையின் இணையப் பக்கத்தில் 110 பிக்சல் நீளத்துக்கு வருகிறது. அங்கே 20 அலகு என்பது 0.4 பிக்சல். பாதிப் பிக்சலைத் திரையால் காட்ட முடியாது. அதற்குப் பதில் ஒரு முழுப் பிக்சலைச் சாம்பல் நிறமாகக் காட்டும். ‘டா’வில் நாம் பார்த்துப் பார்த்து விட்ட 30 அலகு இடைவெளி 0.6 பிக்சல் ஆகி, சாம்பல் கறையாக மாறி, ‘ட’வும் காலும் ஒட்டியது போலத் தெரியும்.

ஒரு பிக்சல் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்கலாம். 2014 மே மாதம் கூகுள் தன் லோகோவில் இரண்டாவது ‘ஜி’யை ஒரு பிக்சல் வலப்பக்கமும், ‘எல்’லை ஒரு பிக்சல் வலப்பக்கமும் ஒரு பிக்சல் கீழேயும் நகர்த்தியது. வேறு எதையும் தொடவில்லை. அதையும் சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள், பத்திரிகைகளில் செய்தியாக வந்தது.

காகிதத்தில் தொல்லை வேறு விதம். மை பரவும். எழுத்தின் ஒவ்வொரு ஓரத்திலும் 0.05 மில்லிமீட்டர் மை பரவுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு இடைவெளியிலும் 0.1 மில்லிமீட்டர் போய்விடும். எழுத்து பெரிதோ சிறிதோ, மை பரவுவது அதே அளவுதான். போஸ்டரில் அது ஒன்றுமே இல்லை. பூங்கொத்தில் கட்டும் சீட்டில் லோகோ 20 மில்லிமீட்டர் நீளம் என்றால், 60 அலகு என்பது 0.22 மில்லிமீட்டர். அதில் கிட்டத்தட்ட பாதியை மை விழுங்கிவிடும். ‘டா’வின் 30 அலகு 0.11 மில்லிமீட்டர்தான், அது முழுவதும் அடைந்துவிடும். பின்னால் விளக்கு எரியும் போர்டிலும் இதே கதை. அங்கே பரவுவது மை இல்லை, ஒளி. இருட்டில் வெள்ளை எழுத்து உண்மையில் இருப்பதைவிடத் தடித்துத் தெரியும், நடுவில் உள்ள இருட்டு சுருங்கும்.

ஈய எழுத்துக் காலத்தில் இதைப் பற்றி யாரும் தனியாகக் கவலைப்படவில்லை. ஒவ்வொரு அளவு எழுத்துக்கும் தனியாக அச்சு வெட்ட வேண்டியிருந்ததால், வெட்டியவர்கள் சிறிய எழுத்துக்குக் கூடுதல் இடமும் கூடுதல் தடிமனும் கொடுத்துவிட்டார்கள். புகைப்பட முறை வந்து, பிறகு கணினி வந்து, ஒரே வரைபடத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பயன்படுத்தத் தொடங்கியபோதுதான் அந்த அறிவு கைநழுவிப் போனது. அளவுக்கு ஏற்ப வடிவத்தையும் இடைவெளியையும் தானே மாற்றிக்கொள்ளும் வேரியபிள் எழுத்துருக்களை 2016இல் அறிமுகப்படுத்தினார்கள். அவை பழைய பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருகின்றன. ஆனால் லோகோ என்பது உறைந்த வடிவம், தானாக மாறாது. நாம்தான் மாற்றித் தர வேண்டும்.

ஒரு லோகோவுக்கு இரண்டு உடை

ஆகவே எந்த அளவிலும் சீராகத் தெரிகிற ஒரே வரைபடம் என்று எதுவும் கிடையாது. பெரிதுக்கு ஒன்று, சிறிதுக்கு ஒன்று என இரண்டு வரைபடங்கள் தேவை. பார்ப்பவர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்க வேண்டும்.

வாடாமல்லியின் சிறிய உடையை 110 பிக்சல் அளவுக்கு அமைத்துப் பார்ப்போம். இந்த அளவில் ஒரு பிக்சல் என்பது 50 அலகு. நேர்க்கோடுகளுக்கு நடுவில் உள்ள 105, 120, 120 மூன்றையும் 150 ஆக்குகிறேன், சரியாக மூன்று பிக்சல். வளைவுகளுக்கு நடுவில் உள்ள 70, 60 இரண்டையும் 100 ஆக்குகிறேன், இரண்டு பிக்சல். ‘டா’வின் 30, 50 ஆகிறது. ஒரு முழுப் பிக்சல் இருப்பதால் இனிமேல் கறை இல்லை, சுத்தமான வெள்ளைக் கீற்று. மொத்தம் 195 அலகு கூடியிருக்கிறது. சொல் நான்கு பிக்சல் நீளும், அவ்வளவுதான். பெரிய உடையில் கண்ணால் பார்த்து வைத்த 15 அலகு, 10 அலகு நுணுக்கங்களை இங்கே விட்டுவிட்டேன். காட்ட முடியாத நுணுக்கத்தை வைத்திருப்பதில் பயனில்லை.

இடைவெளியைக் கூட்டினால் மட்டும் போதாது. எழுத்துக்கு உள்ளே இருக்கும் வெள்ளையையும் கவனிக்க வேண்டும். ‘ல்’லின் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து ஒரு பிக்சல் மேலே ஏற்றுகிறேன். இல்லாவிட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டி, ‘மல்லி’ என்பது மச்சம் வைத்த ‘மலலி’ ஆகிவிடும். ‘லி’யின் கொக்கிக்கும் ‘ல’வின் தோளுக்கும் நடுவில் உள்ள சந்தைத் திறந்து விடுகிறேன். ‘ம’வின் சுழிக்கு உள்ளே இருக்கும் வெள்ளையையும் கொஞ்சம் அகலமாக்குகிறேன். வெளியே இடம் கூட்டி உள்ளே கூட்டாமல் விட்டால், எழுத்துகள் தனித்தனிக் கறுப்புக் கட்டிகளாக நிற்கும். சொல் சிதறிப் போகும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. பிரௌசர் டேப்பில் வரும் 16 பிக்சல் சதுரத்தில் முழுச் சொல்லையும் அடைத்தால், ‘ப’ உயரம் இரண்டு பிக்சல்கூட வராது. எந்தக் கெர்னிங்கும் அதைக் காப்பாற்றாது. அங்கே ‘வா’ ஒன்றை மட்டும் வைப்பதே சரி.

எந்த உடையை எங்கே அணிவிப்பது என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பெரிய போர்டு என்றால் பெரிய உடை என்று நினைப்பது இயல்பு. ஆனால் கண்ணுக்குப் பெரிது சிறிது என்பதை முடிவு செய்வது தூரமும்தான். ஓர் அடி உயர எழுத்தை நூறு அடி தள்ளி நின்று பார்க்கிறீர்கள், நூறில் ஒரு பங்கு. கையில் ஒரு காகிதத்தை 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால், அதில் நூறில் ஒரு பங்கு 4 மில்லிமீட்டர். அதாவது பேருந்து நிறுத்தத்திலிருந்து உங்கள் போர்டைப் பார்ப்பவருக்கு அது ஒரு விசிட்டிங் கார்டு. அவருக்குத் தெரிய வேண்டும் என்றால், ஒன்பது அடிப் போர்டுக்கும் சிறிய உடையைத்தான் அணிவிக்க வேண்டும். கடைக்கு உள்ளே கல்லாவின் பின்சுவரில் ஆறடி தூரத்தில் பார்க்கும் அதே அளவு எழுத்துக்குப் பெரிய உடை பொருந்தும்.

இதைச் சோதிக்க நூறு அடி நடக்க வேண்டியதில்லை. எழுத்து 4 மில்லிமீட்டர் உயரம் வருமாறு அச்சடித்துக் கையை நீட்டிப் பாருங்கள். அதில் ஓட்டையோ அடைப்போ தெரிந்தால் தெருவிலும் தெரியும். எல்லாம் முடிந்தபின் இரண்டு வரைபடங்களுக்கும் தெளிவாகப் பெயரிட்டு, எந்த அளவுக்குக் கீழே சிறியதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அச்சகத்துக்கும் போர்டு செய்பவருக்கும் அவுட்லைனாக மாற்றிய கோப்பு மட்டுமே போக வேண்டும். எழுத்துருவாகப் போனால், அவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறு ஒன்று வந்து உட்கார்ந்துவிடும்.

போர்டில் நடந்தது

பலகாரக் கடை விசிட்டிங் கார்டில் நடந்தது என் தவறு. பெரிய உடை ஒன்றை மட்டும் வரைந்து கொடுத்துவிட்டு, அதையே கார்டிலும் போட விட்டுவிட்டேன். ‘கார’வில் காலுக்கும் ‘ர’வுக்கும் நடுவில் நேர்க்கோடும் நேர்க்கோடும் எதிரெதிரே நிற்கின்றன. அங்கே தேவைப்பட்ட இடத்தை நான் கொடுக்கவில்லை. மறுநாளே திருத்திக் கொடுத்தேன்.

போர்டு விஷயம் அப்படி இல்லை. எழுத்துகளைப் பொருத்திய தம்பியைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை.

“சார், ரெண்டு ஷீட்டு சேர்ற ஜாயிண்ட் கரெக்டா அங்கதான் வந்துச்சு. ஜாயிண்ட் மேல ஸ்க்ரூ போட்டா நிக்காது. அதான் ‘கா’வக் கொஞ்சம் தள்ளி வச்சேன்.”

ஏசிபி ஷீட் எட்டடி நீளம். முகப்பு அதைவிட நீளம் என்பதால் இரண்டு ஷீட்டுகளைச் சேர்த்திருந்தார்கள். திரையில் நான் அரை மணி நேரம் உட்கார்ந்து நகர்த்திய அலகுகளை, ஏணியில் நின்றவர் இரண்டு விரலால் நகர்த்திவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எழுத்துகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தவர்கள், எது எங்கே நிற்க வேண்டும் என்று அவரிடம் சொல்லவே இல்லை. வெட்டிய எழுத்துகள் கெர்னிங்கைக் கூடவே எடுத்துக்கொண்டு போவதில்லை.

இப்போது எந்தப் போர்டு வேலையாக இருந்தாலும், முழு அளவில் சொல்லைக் காகிதத்தில் கோட்டோவியமாக அச்சடித்துக் கொடுக்கிறேன். சுவரில் அதை ஒட்டி, அதன் மேலேயே துளை போட்டு, காகிதத்தைக் கிழித்துவிட்டு எழுத்துகளைப் பொருத்துகிறார்கள். ஷீட்டின் ஜாயிண்ட் எங்கே வருகிறது என்று வரைவதற்கு முன்பே கேட்டு, காகிதத்தில் ஒரு சிவப்புக் கோடாகப் போட்டுவிடுகிறேன்.

பலகாரக் கடைக்கும் பிறகு அப்படி ஒரு காகிதம் போட்டோம். எழுத்துகளைக் கழற்றி, சொல் முழுவதையும் ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினோம். ஜாயிண்ட் இப்போது ‘க’வின் பின்னால் இருக்கிறது. அந்த எழுத்தின் ஸ்க்ரூக்கள் ஜாயிண்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. பழைய துளைகளில் மூன்றை மட்டும் எழுத்துகளால் மறைக்க முடியவில்லை. அரக்கு நிறப் பசை வைத்து அடைத்தோம், கீழே நின்று பார்த்தால் தெரியாது.